மடிப்பாக்கம் ரூம் நெட்வொர்க் படம்: கிரிட்டிக்கல் பாத், ஃப்ளோட் எல்லாம் போட்டுட்டேன்

தம்பி, நீ அனுப்பின நெட்வொர்க் சார்ட் ஃபோட்டோவ, அதான் வேலைங்கள அம்பாவும் அது தொடங்கி முடியற ஈவென்ட நம்பராவும் வரைஞ்சத, காலைல வேளச்சேரி ஸ்டேஷன்ல டிரெயினுக்கு நிக்கும்போது பாத்தேன், ஆபீஸ் வந்து பேப்பர்ல மறுபடி வரைஞ்சு கணக்கு போட்டுட்டேன். சித்தப்பா மழைக்கு முன்னாடி பின்பக்க ரூம் முடியுமான்னு கேக்கறாரு, அதுக்கு பதில் இந்த படத்துலயே இருக்கு, முடியும், ஆனா கிரிட்டிக்கல் பாத்ங்கற ஒரே ஒரு லைன்ல மட்டும் நாள் நழுவக்கூடாது. பொறுமையா படி, நீ போட்டு அனுப்பின கணக்குல ரெண்டு இடம் தப்பா இருக்கு, அதையும் சொல்றேன்.

மொதல்ல ஃபோட்டோ. டியூப்லைட் வெளிச்சம் லேமினேஷன் மேல அடிச்சு நடுவுல வெள்ளையா போயிருக்கு, 5லேர்ந்து 6க்கு போற அம்பு மேல எழுதினது 1ஆ 7ஆன்னு தெரியல. நீ 1ன்னு எடுத்துக்கிட்டு மொத்தம் 37 நாள்னு போட்டிருக்க. அது ரூஃப் கான்கிரீட் போட்டதுக்கப்புறம் சென்ட்ரிங் பிரிக்கிற வரைக்கும் காத்திருக்கற நாள்டா, ஒரே நாள்ல எவனும் முட்டு எடுக்க மாட்டான், எடுத்தா தலைல விழும். ஐஎஸ் 456ல 4.5 மீட்டர் வரைக்கும் உள்ள ஸ்லாபுக்கு முட்டு எடுக்க 7 நாள், அதுக்கு மேலன்னா 14 நாள், அதுவும் ஓபிசிங்கற சாதா சிமெண்டுக்கு சொன்னது. உங்க ரூம் 12 அடிதான், அதனால இது 7தான். மேஸ்திரி பிபிசி சிமெண்ட் வாங்கி வெச்சிருந்தா கொஞ்சம் கூட்டிக்கணும், மூட்டை மேல என்ன போட்டிருக்குன்னு பாத்து சொல்லு.

ரெண்டாவது, 3க்கும் 4க்கும் நடுவுல புள்ளி புள்ளியா ஒரு கோடு இருக்கே, டம்மி, நாள் எடுக்காம வரிசைய மட்டும் காட்டற அம்பு, அதோட அம்பு முனை மடிப்புல மறைஞ்சு போச்சு. நம்பர் போடறப்ப சின்ன நம்பர்லேர்ந்து பெரிய நம்பருக்குதான் அம்பு போகணும், அதனால 3லேர்ந்து 4. அர்த்தம் பாத்தாலும் அதான் சரி, செவுரு எழும்பினாதான் டாய்லெட் பைப் போட முடியும். இத திருப்பி எடுத்தா என்ன ஆகும்னு போட்டு பாத்தேன். 4ஓட ஏர்லியஸ்ட், அதாவது சீக்கிரமா அங்க வந்து சேர முடிஞ்ச நாள், அது மட்டும் 12 ஆகுது, மத்த ஏர்லியஸ்ட் ஒண்ணும் மாறல, மொத்த நாளும் அதே 43தான், அதனால தப்பே கண்ணுல படாது. ஆனா செப்டிக் டேங்க் முடியாம ரூஃப் வேலைய தொடக்கூடாதுன்னு அர்த்தம் வந்துடும், டேங்க்கோட ஃப்ளோட், அதாவது மொத்த நாள் கூடாம அது தாமதிக்க முடிஞ்ச நாள், 17லேர்ந்து 1க்கு விழுந்துடும். ஒரு அம்பு முனைக்கு இவ்ளோ வித்தியாசம். அடுத்த தடவ லைட்ட ஆஃப் பண்ணிட்டு ஜன்னல் பக்கம் வெச்சு எடு, நாலு மூலையும் ஃபிரேமுக்குள்ள வரணும்.

இப்ப நான் படிச்ச படி வேலைங்க, ஒரு தடவ ஒரிஜினல் சார்ட்டோட சரி பாரு:

1-2 அஸ்திவாரம் 5 நாள்
2-3 செவுரு எழுப்பறது, லிண்டல் சேத்து 8
2-4 செப்டிக் டேங்க், சேம்பர் 7
3-4 டம்மி 0
3-5 ரூஃப் சென்ட்ரிங், கம்பி, கான்கிரீட் 6
5-6 காத்திருந்து சென்ட்ரிங் பிரிக்கிறது 7
4-7 டாய்லெட் பைப் 3
6-7 பூச்சு வேலை 6
6-8 ஒயரிங் 4
7-8 டைல்ஸ் 5
1-8 ஆசாரி கதவு ஜன்னல் செய்யறது 30
8-9 கதவு மாட்டி பெயிண்ட் 6

முன்னாடி போறப்ப, ஒரு ஈவென்டுக்கு எத்தன அம்பு வந்து சேருதோ எல்லாத்தயும் கூட்டி பாத்து பெருசு எது அத எடுக்கணும். 1ல 0, 2ல 5, 3ல 13. 4ல தான் நீ வழுக்கின, செப்டிக் டேங்க் வழியா 5+7=12ன்னு போட்டு அங்கயே நிறுத்திட்ட, டம்மி வழியா 13+0=13 வருதே, பெருசு 13, அதனால 13. டம்மிக்கு நாள் இல்லன்னாலும் அதுவும் ஒரு அம்புதான், விட்டுடக்கூடாது. அப்புறம் 5ல 19, 6ல 26. 7ல ரெண்டு வழி, பூச்சு வழியா 32, பைப் வழியா 16, சோ 32. 8ல மூணு வழி, டைல்ஸ் வழியா 37, ஒயரிங் வழியா 30, ஆசாரி வழியா 30, சோ 37. கடைசி 9ல 43.

லேட்டஸ்ட்டுக்கு பின்னாடி வர்றப்ப கழிச்சுக்கிட்டே வந்து சின்னது எடுக்கணும். 9ல 43, 8ல 37, 7ல 32. 6லேர்ந்து ரெண்டு அம்பு கிளம்புது, 32-6=26, 37-4=33, சின்னது 26. 5ல 19. 4லேர்ந்து பைப் மட்டும்தான், 32-3=29. 3ல தான் உன்னோட ரெண்டாவது தப்பு, டம்மிய மட்டும் பாத்துட்டு நிறுத்திட்ட, அந்த வழியா 29, ஆனா ரூஃப் வழியா 19-6=13 வருது, சின்னது 13. 2ல 5, செப்டிக் வழியா 22 வரும், அது வேணாம். 1ல 0, ஆசாரி வழியா 7 வரும், அதுவும் வேணாம். ஆரம்பத்துல 0 வரலன்னா எங்கயோ தப்புன்னு உடனே தெரிஞ்சுக்கலாம், நான் எப்பவும் அத வெச்சுதான் செக் பண்ணுவேன்.

ஈவென்ட் வாரியா, ஏர்லியஸ்ட் மொதல்ல, லேட்டஸ்ட் அடுத்து:

1: 0, 0
2: 5, 5
3: 13, 13
4: 13, 29
5: 19, 19
6: 26, 26
7: 32, 32
8: 37, 37
9: 43, 43

4 மட்டும்தான் விலகி நிக்குது, அங்க ஸ்லாக் 16. கிரிட்டிக்கல் பாத் 1-2-3-5-6-7-8-9, அதாவது அஸ்திவாரம், செவுரு, ரூஃப், காத்திருப்பு, பூச்சு, டைல்ஸ், பெயிண்ட், 5+8+6+7+6+5+6 கூட்டினா 43. இன்னொன்னு, ரெண்டு முனையிலயும் ஏர்லியஸ்ட்டும் லேட்டஸ்ட்டும் ஒண்ணா இருந்தா அந்த வேலை கிரிட்டிக்கல்னு நெனச்சிடாத. ஒயரிங் பாரு, 6லயும் சமம் 8லயும் சமம், ஆனா அதுக்கு 37-26-4=7 நாள் ஃப்ளோட் இருக்கு. ஆசாரி வேலையும் அப்படித்தான். ஃப்ளோட் 0 வருதான்னு கண்டிப்பா போட்டு பாக்கணும்.

```
TF = Lj - Ei - d
FF = Ej - Ei - d
IF = Ej - Li - d
```

இதுல i வேலை தொடங்கற ஈவென்ட், j முடியற ஈவென்ட், E ஏர்லியஸ்ட், L லேட்டஸ்ட், d வேலையோட நாள். மொதல்ல உள்ளது டோட்டல் ஃப்ளோட், அடுத்தது ஃப்ரீ, மூணாவது இண்டிபெண்டண்ட். ஒயரிங்குக்கு மூணும் 7. ஆசாரிக்கும் 37-0-30, மூணும் 7. டம்மிக்கு டோட்டல் 16, மத்த ரெண்டும் 0. கிரிட்டிக்கல் வேலைங்களுக்கு எல்லாமே 0, அத எழுதவே வேணாம்.

செப்டிக் டேங்கும் பைப்பும்தான் கவனமா பாக்க வேண்டிய ஜோடி. டேங்குக்கு டோட்டல் 29-5-7=17, ஃப்ரீ 13-5-7=1, இண்டிபெண்டண்ட் 1. பைப்புக்கு டோட்டல் 32-13-3=16, ஃப்ரீ 16, இண்டிபெண்டண்ட் 32-29-3=0. இதுல நிறைய பேர் 17ம் 16ம் தனித்தனியா கெடைக்குதுன்னு நெனச்சு மேஸ்திரிக்கு ஒண்ணு பிளம்பருக்கு ஒண்ணுன்னு வாக்கு குடுத்துடறாங்க. அது ஒரே பாத்திரத்துல உள்ள சோறு, டேங்க்காரர் 17ம் தின்னுட்டா பிளம்பருக்கு ஒரு பருக்க கூட மிஞ்சாது, அதான் பைப்போட இண்டிபெண்டண்ட் 0ன்னு வந்திருக்கு. டேங்க்காரர் யாரையும் தொந்தரவு பண்ணாம தாமதிக்க முடிஞ்சது ஒரே ஒரு நாள். நானும் வேலைல சேந்த புதுசுல ஒரு சைட்ல இப்படி ரெண்டு கான்ட்ராக்டருக்கு ஒரே ஃப்ளோட்ட குடுத்து, கடைசில ரெண்டு பேரும் ஒரே வாரத்துல வந்து நின்னு பதினோரு நாள் போச்சு, அன்னிலேர்ந்து இந்த மூணாவது ஃபார்முலாவ விடறதே இல்ல.

அதோட கணக்குல 17 இருந்தாலும் செப்டிக் குழிய தள்ளிப்போடாத. செப்டம்பர் 1 ஆரம்பிச்சா, ஞாயிறும் சேத்து எண்ணினா, சீக்கிரமா முடிஞ்சா 12ஆம் தேதி, ஃப்ளோட் முழுசும் சாப்ட்டா 29ஆம் தேதி. மடிப்பாக்கம் பள்ளம், சதுப்பு நிலம் பக்கத்துலயே இருக்கு, ஒரு நல்ல மழை அடிச்சா குழில தண்ணி ஊறி மோட்டார் போட்டு இறைச்சிக்கிட்டே இருக்கணும். மொத வேலையா முடிச்சிடு.

தேதில சொன்னா ரூஃப் கான்கிரீட் செப்டம்பர் 19 சாயங்காலம், சென்ட்ரிங் 26, பூச்சு அக்டோபர் 2, டைல்ஸ் 7, பெயிண்ட் 13. வடகிழக்கு பருவமழை அக்டோபர்ல பிடிக்கும், உள்வேலைக்கு பரவால்ல, வெளி பெயிண்ட் மட்டும் தள்ளலாம். ஆனா ஆயுத பூஜைக்கு ஆள் வரமாட்டாங்க, படத்துல லீவு எதுவும் கணக்குல இல்ல, அத சித்தப்பாகிட்ட இப்பவே சொல்லிடு.

ஆசாரி பத்து நாள் லேட் ஆகும்னு சொன்னதா எழுதியிருந்தியே. ஃப்ளோட் 7, அவர் கேக்கறது 10, மீதி 3 நாள் வீட்டு மேல வந்து விழும். 8ல 40, 9ல 46, தேதி அக்டோபர் 16. அப்புறம் கிரிட்டிக்கல் பாத்தே 1-8-9ன்னு ஆசாரி பக்கம் மாறிடும், செவுரு ரூஃப் டைல்ஸ் எல்லாத்துக்கும் 3 நாள் ஃப்ளோட் வந்துடும். அந்த மூணு நாள காட்டி மேஸ்திரி சொகுசா இருக்க விடாத, ஆயுத பூஜைக்கு அது வேணும். ஆசாரிகிட்ட 7 நாள் இடம் இருக்குன்னு சொல்லாதடா, அக்டோபர் 1க்குள்ள வேணும்னு மட்டும் சொல்லு.

கடைசியா ஒரு டவுட், எனக்கு பதில் வேணும். 6-8 ஒயரிங் 4 நாள்ங்கறது ஒயர் இழுத்து சுவிட்ச் மாட்டறது மட்டுமா, இல்ல செவுத்த வெட்டி பைப் புதைக்கிறதும் அதுலயே இருக்கா? புதைக்கிறதும் சேந்திருந்தா அது பூச்சுக்கு முன்னாடி வந்தாகணும், பூசின செவுத்த மறுபடி உடைக்க முடியாது. அப்ப அந்த 4 நாள் கிரிட்டிக்கல் லைனுக்குள்ள புகுந்து மொத்தம் 47 ஆகிடும், 7 நாள் ஃப்ளோட்டும் காணாம போயிடும். எலக்ட்ரீஷியன்கிட்ட இன்னிக்கு கேட்டு ராத்திரி எனக்கு ஃபோன் பண்ணு, அத வெச்சு படத்த திருத்தி அனுப்பறேன், சித்தப்பாகிட்ட அது வரைக்கும் 43ன்னு சொல்லிடாத.