குறைந்தபட்ச ஆர்டர் அளவும் டெலிவரி காலமும் குறித்த விசாரணை

கிள்ளான், மலேசியா
6 ஏப்ரல் 2026

பெறுநர்:
ஏற்றுமதி முகவர் அவர்கள்,
கரூர், தமிழ்நாடு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கிள்ளான் தெங்கு கிளானா சாலைப் பகுதியிலுள்ள கடைகளுக்கு வீட்டு உபயோகத் துணிகளை மொத்தமாக வழங்கி வருகிறேன். தாங்கள் அனுப்பிய மாதிரிகளில் 50 × 70 செ.மீ. கட்டம் போட்ட கிச்சன் டவலும் அதே கட்டத்தில் தைத்த ஏப்ரனும் எங்கள் சந்தைக்கு ஏற்றவையாக உள்ளன. டவலைத் துவைத்துப் பார்த்தேன். சிவப்புச் சாயம் வெள்ளைக் கட்டத்தில் ஏறவில்லை. அதனால் தரத்தைப் பற்றி மேலும் கேட்க வேண்டியதில்லை.

முதல் ஆர்டராக நான்கு நிறங்களில், நிறத்துக்கு 600 வீதம் 2,400 டவல்களும், இரண்டு நிறங்களில் மொத்தம் 500 ஏப்ரன்களும் எடுக்க எண்ணியுள்ளேன். தங்கள் விலைப்பட்டியலில் குறைந்தபட்ச அளவு 1,000 என்று மட்டும் இருக்கிறது. அது ஒரு டிசைனுக்கா, நிறத்துக்கா என்பதைத் தெரிவிக்க வேண்டுகிறேன். நூலுக்குச் சாயமேற்றுவதிலும் பாவு ஓட்டுவதிலும் ஓர் அளவுக்குக் கீழே போனால் கட்டுப்படியாகாது என்பதை அறிவேன். ஆகவே நிறத்துக்குத்தான் 1,000 என்றால், ஒரே நிறத் துணியிலிருந்து டவலையும் ஏப்ரனையும் வெட்டி, இரண்டையும் சேர்த்துக் கணக்கிட இயலுமா? அதுவும் இயலாதெனில், 600 டவலுக்குக் கூடுதல் விலை எவ்வளவு என்று தெரிவித்தால், நிறங்களை இரண்டாகக் குறைப்பதா கூடுதல் விலை கொடுப்பதா என்று நான் முடிவு செய்துகொள்வேன்.

அடுத்தது டெலிவரி காலம். தாங்கள் குறிப்பிட்டுள்ள 45 நாள் எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது என்பதே எனக்கு முக்கியம். முன்பு வேறொரு ஊர் உற்பத்தியாளரிடம் வாங்கியபோது, முன்பணம் கொடுத்த நாளிலிருந்து என்று நான் கணக்கிட்டிருக்க, அவர்கள் நிற மாதிரிக்கு ஒப்புதல் தந்த நாளிலிருந்து எண்ணினார்கள். சரக்கு பண்டிகை முடிந்த பிறகே வந்து சேர்ந்தது. ஆகவே நிற மாதிரி, சாயமேற்றல், நெசவு, தையல், பேக்கிங் ஆகிய ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் ஆகும் என்றும், சரக்கு தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒப்படைக்கப்படும் நாள் அந்த 45-க்குள் அடங்குமா என்றும் எழுதவும்.

இந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 8 அன்று வருகிறது. கடைக்காரர்கள் செப்டம்பரிலேயே சரக்கு கேட்பார்கள் என்பதால், ஆகஸ்ட் இறுதிக்குள் அது கிள்ளான் துறைமுகத்துக்கு வந்துவிட வேண்டும். இந்த அளவு முழுக் கன்டெய்னருக்குப் போதாது. பிறர் சரக்குடன் சேர்த்தே அனுப்ப வேண்டியிருக்கும். அதற்கான காத்திருப்பையும் கணக்கில் சேர்த்துச் சொல்லவும்.

விலையை தூத்துக்குடி எஃப்.ஓ.பி. அடிப்படையில் அமெரிக்க டாலரில் குறிப்பிடுங்கள். 30 சதவீதம் முன்பணமாகவும், மீதியை பில் ஆஃப் லேடிங் நகல் கிடைத்ததும் செலுத்த இயலும். ஏப்ரல் 20-க்குள் பதில் கிடைத்தால், நிறங்களை உறுதி செய்து அந்த மாத இறுதிக்குள் ஆர்டரை அனுப்பிவிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ரா. முருகேசன்