ரத்தசோகை ஆய்வுகளில் 11 என்ற கோடு

கர்ப்பிணிகளின் ரத்தசோகை பற்றி என்னிடம் மதிப்பீட்டுக்கு வரும் கட்டுரைகளில் பல ஒரே வேலையைச் செய்கின்றன. ஹீமோகுளோபினைத் தசமப் புள்ளி வரை அளக்கிறார்கள். அப்புறம் டெசிலிட்டருக்கு 11 கிராமில் கோடு போட்டு, எல்லாரையும் இரண்டாகப் பிரித்து, குழந்தைகளின் பிறப்பு எடையை ஒப்பிடுகிறார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் அந்த வரம்பு சிகிச்சையை முடிவுசெய்யவும் ரத்தசோகையின் பரவலைக் கணக்கிடவும் தேவை. பகுப்பாய்வுக்கு எதற்கு? 7.2 உள்ளவரும் 10.9 உள்ளவரும் ஒரே குழு, 10.9-உம் 11.1-உம் வேறு வேறு குழுவாம்! களத்தில் பயன்படும் கருவியின் அளவீட்டுப் பிழையே அந்த 0.2-ஐ விழுங்கிவிடும்.

இயல்நிலைப் பரவலுள்ள மாறியை நடுவில் வெட்டினாலே, நேர்கோட்டுத் தொடர்பைக் கண்டறிவதில், தரவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தூக்கி எறிந்ததற்குச் சமமான இழப்பு ஏற்படும். ஓரமாக வெட்டினால் இழப்பு இன்னும் கூடும். 300 பெண்களிடம் ரத்தம் எடுத்து 100 பேருடையதைக் கொட்டிவிட எந்த நெறிமுறைக் குழு சம்மதிக்கும்?

இன்னொன்று, இந்தத் தொடர்பு நேர்கோடே அல்ல. கர்ப்பத்தில் பிளாஸ்மா போதிய அளவு பெருகாதபோது ஹீமோகுளோபின் உயர்ந்து தெரியும். அங்கும் எடை குறைந்த குழந்தைகள் பிறக்கிறார்கள். இரண்டு குழுக்களில் இந்த வளைவு தெரியவே தெரியாது.

"மருத்துவர்களுக்கு இரண்டு குழு என்றால்தான் புரியும்" என்கிறார்கள். சரி, தரவின் போக்குக்கேற்ப வளையும் ஸ்ப்லைன் வளைகோட்டை வரைந்து, அதன்மேல் 11-ஐக் குறித்துக் காட்டுங்கள். இலவச மென்பொருளிலேயே முடியும். தொடர் மாறியாக வைத்துச் செய்த பகுப்பாய்வு இல்லாத கட்டுரைகளை நான் திருத்தத்துக்குத் திருப்பி அனுப்புகிறேன். இரு குழு அட்டவணை பின்னிணைப்பில் இருந்துவிட்டுப் போகட்டும்.