பொருள்: பம்பு கிளாண்ட் பேக்கிங் வேலை – ஒரு சனிக்கிழமை காலை செய்து காட்ட அனுமதி வேண்டி

மதிப்பிற்குரிய பட்டறை மேலாளர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் ஆள் தேடி விளம்பரம் எதுவும் போடவில்லை என்பது தெரிந்தேதான் எழுதுகிறேன். சுங்கை சிப்புட் வட்டாரத்துச் செம்பனை ஆலைகளின் தண்ணீர்ப் பம்புகள் ஈப்போவில் உள்ள உங்கள் பட்டறைக்கு வருகின்றன. அந்தப் பம்புகளில் ஒரு வேலையை என்னால் நம்பிச் செய்ய முடியும்: கிளாண்ட் பேக்கிங் மாற்றி, சரியான சொட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்துவது.

எப்படிச் செய்வேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன், நீங்களே எடைபோட்டுக்கொள்ளலாம்.

மெயின் சுவிட்சைப் பூட்டி, இரு பக்க வால்வையும் அடைத்து, உள்ளே நிற்கும் தண்ணீரை வடித்த பிறகுதான் கிளாண்டில் கை வைப்பேன். பழைய வளையங்களை எண்ணி எடுப்பேன். அடியில் கிடக்கும் கடைசி வளையத்தை அப்படியே விட்டுவிட்டு மேலே புதியதைத் திணிப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அது கல்லாக இறுகிக் கிடக்கும், லாந்தர் ரிங்கும் துவாரத்துக்கு நேராக உட்காராது. பிறகு சிலீவில் நகத்தை ஓட்டிப் பார்ப்பேன். நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம் இருந்தால் சிலீவை மாற்றாமல் புதுப் பேக்கிங் போடமாட்டேன், போட்டாலும் நிற்காது. ஷாப்ட் ஆட்டத்தை டயல் கேஜில் பார்த்து, 0.05 மில்லிமீட்டருக்கு மேல் போனால் பேக்கிங்கைத் தொடுவதற்கு முன்பே தகவல் சொல்லிவிடுவேன். பேரிங் தேய்ந்த பம்புக்கு எத்தனை தரம் பேக்கிங் மாற்றினாலும் ஒழுகத்தான் செய்யும்.

அளவை பழைய துண்டைப் பார்த்து எடுப்பதில்லை, அது நசுங்கியிருக்கும். பெட்டியின் உள்விட்டம் 75, சிலீவ் 50 என்றால் வித்தியாசத்தில் பாதி, 12.5 மில்லிமீட்டர். அதே விட்டமுள்ள குழாயில் சுற்றி, வளையம் வளையமாக 45 பாகையில் சாய்வாக வெட்டுவேன். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தட்டி உட்கார வைத்து, இணைப்புகளை 90 பாகை தள்ளித் தள்ளி வைப்பேன். ஆற்று நீர் இழுக்கும் பம்பில் மணல் வரும். அங்கே லாந்தர் ரிங்குக்குத் தெளிந்த நீர், பெட்டி அழுத்தத்தைவிடச் சுமார் 1 பார் கூடுதலாக வருகிறதா என்றும் பார்ப்பேன்.

நட்டை முதலில் விரலால்தான் முறுக்குவேன். பம்பு ஓடத் தொடங்கியதும் 10 நிமிடம் தாராளமாக ஒழுக விட்டு, பிறகு இரண்டு நட்டையும் சமமாக ஆறில் ஒரு சுற்று. மறுபடி 10 நிமிடம் பொறுத்து, மறுபடி ஆறில் ஒரு சுற்று. நிமிடத்துக்கு 40 முதல் 60 சொட்டு வந்ததும் நிறுத்திவிடுவேன். தரை நனைகிறதே என்று ஒரு சொட்டும் வராமல் இறுக்கச் சொல்பவர்கள் உண்டு. அப்படி இறுக்கினால் குளிர்ச்சியில்லாமல் பேக்கிங் கருகி, சிலீவையும் அறுத்துவிடும். இதில் அவசரப்படுத்தினால் வேலை கெடும் என்பதால், ஒரு பம்புக்கு ஓட்டிப் பார்க்கும் நேரத்தையும் சேர்த்து 2 மணி நேரம் கேட்பேன்.

மெக்கானிக்கல் சீல் வேலை எனக்குத் தெரியாது. மோட்டார் காயில் கட்டவும் வராது.

தற்போது ஓர் ஆலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். எஸ்.கே.எம். இரண்டாம் நிலைச் சான்றிதழ் இருக்கிறது. சனிக்கிழமைகளில் எனக்கு வேலை இல்லை.

நான் கேட்பது இவ்வளவுதான்: ஏதாவது ஒரு சனிக்கிழமை காலை 8 முதல் 10 மணி வரை, உங்கள் பட்டறையில் பேக்கிங் மாற்றக் காத்திருக்கும் பம்பு ஒன்றைக் கொடுங்கள். உங்கள் ஆள் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். அன்றைக்குக் கூலி வேண்டாம். பேக்கிங் கொக்கி, டயல் கேஜ், வெட்டும் கத்தி என்னிடம் இருக்கின்றன. பேக்கிங் கயிறு மட்டும் உங்களுடையது. வேலை பிடித்திருந்தால், பழம் அதிகமாக வரும் மாதங்களில் ஆலைகள் பம்பைக் கேட்டு நெருக்கும்போது சனிக்கிழமை ஆளாக என்னைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். நிரந்தர வேலை கேட்டு இதை எழுதவில்லை.

ஒரு பக்க விவரக் குறிப்பையும் இரண்டு படங்களையும் இணைத்திருக்கிறேன். ஒன்று வெட்டி அடுக்கிய வளையங்கள். மற்றது, அளவுக்கு மீறி இறுக்கியதால் பள்ளம் விழுந்த சிலீவ்.

இந்த மின்னஞ்சலுக்கே ஒரு வரி பதில் போட்டால் போதும், நீங்கள் சொல்லும் சனிக்கிழமை மோட்டார் சைக்கிளில் வந்துவிடுவேன். தேவையில்லை என்றாலும் அதையே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள் ஐயா, மறுபடி எழுதித் தொந்தரவு செய்யமாட்டேன்.

நன்றி.

இப்படிக்கு,
த. குணசீலன்
சுங்கை சிப்புட், பேராக்