வாலிபால் போட்டியால் தவறிய இன்டர்னல் தேர்வைப் பின்னர் எழுத அனுமதி வேண்டுதல்

19.09.2025

அனுப்புநர்
வரிசை எண் 34,
இளம் அறிவியல் இயற்பியல், இரண்டாம் ஆண்டு, 'ஆ' பிரிவு.

பெறுநர்
வெப்ப இயக்கவியல் பேராசிரியை அவர்கள்,
இயற்பியல் துறை.

வழி: துறைத்தலைவர் அவர்கள்

பொருள்: 17.09.2025 அன்று நடந்த இரண்டாம் இன்டர்னல் தேர்வை வேறு நாளில் எழுத அனுமதி கோருதல்.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். புதன்கிழமை காலை நடந்த தேர்வை என்னால் எழுத முடியவில்லை. அந்த நேரத்தில் நம் கல்லூரி மகளிர் வாலிபால் அணிக்காக, கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியின் இறுதி ஆட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தேன். அந்தத் தேர்வை வேறொரு நாளில் எழுத அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளுக்குத்தான் ஓ.டி. வாங்கியிருந்தோம். செவ்வாய் இரவே கிளம்பினால் தேர்வுக்கு வந்துவிடலாம் என்றிருந்தேன். அரையிறுதி முடிந்த கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மண் ஆடுகளம் என்பதால் சுண்ணாம்புக் கோடெல்லாம் கரைந்து ஓடிவிட்டது. இறுதி ஆட்டத்தை மறுநாள் காலைக்குத் தள்ளிவைத்தார்கள். நான் மட்டும் திரும்பிவிடலாமா என்று பி.டி. மேடத்திடம் கேட்டேன். ஆனால், இன்னொரு செட்டருக்கு முதல் நாளே கணுக்கால் பிசகிவிட்டதால், பந்தை எடுத்துக்கொடுக்க நான் ஒருத்திதான் மிச்சம். அதனால் இருந்து ஆடினேன். ஐந்தாவது செட் வரை போய், 15-13 என்று தோற்று, இரண்டாம் இடம் பெற்றோம்.

ஆட்டம் தள்ளிப்போன செவ்வாய் இரவே வகுப்புப் பொறுப்பாசிரியருக்கு மட்டும் தகவல் அனுப்பினேன். உங்களுக்கும் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அது என் தவறுதான், மன்னிக்கவும்.

முதல் இன்டர்னலில் 25-க்கு 21 வாங்கியிருக்கிறேன். இரண்டின் சராசரிதான் கணக்கு என்பதால், இதில் பூஜ்ஜியம் விழுந்தால் 10.5 ஆகிவிடும். எனக்குப் பிடித்த பாடத்திலேயே இப்படி ஆவது மிகவும் வருத்தமாக இருக்கிறது. படிக்காமல் இருந்துவிடவில்லை அம்மா. நோட்டை எடுத்துப்போய், மேக்ஸ்வெல் தொடர்புகள் நான்கையும் திங்கள் இரவு தங்கிய அறையில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன்.

வினாத்தாளை அனுப்பட்டுமா என்று தோழிகள் கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இருந்தாலும், நீங்கள் எனக்கு வேறு வினாத்தாள் தருவதே சரி. அன்று உட்கார்ந்து எழுதிய மற்றவர்களுக்கும் அதுதான் நியாயம். கேள்விகள் கொஞ்சம் கடினமாக இருந்தாலும் எழுதுகிறேன்.

வரும் திங்கள் முதல் வியாழன் வரை எந்த நாளிலும் மாலை 3.30 மணிக்கு மேல் என்னால் வர முடியும். பயிற்சிக்கு வராமல் தேர்வெழுதப் போகலாம் என்று பி.டி. மேடம் சொல்லிவிட்டார். உங்களுக்கு வேறு நேரம் வசதி என்றால் அப்போது வருகிறேன்.

ஓ.டி. கடிதம், ஆட்டம் புதன்கிழமைக்குத் தள்ளிப்போனதற்குப் போட்டி நடத்தியவர்கள் தந்த கடிதம், பங்கேற்புச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். புதன்கிழமைக்கான ஓ.டி.க்குத் தனியாக விண்ணப்பித்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி,
வரிசை எண் 34