மாலதி, அந்த ஸ்க்ரீன்ஷாட் பத்தி

மாலதி,

போன்ல பேசினா ஒண்ணு அழுதுடுவேன், இல்ல கத்திடுவேன். அதான் எழுதறேன். கொஞ்சம் நீளம், முழுசா படி.

ஞாயித்துக்கிழமை திருமங்கலத்துல சின்ன நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு. நான் சந்தனம் பூசி, வளையல் போட்டுட்டு நகர்றேன். பெரிய நாத்தனார் என் கழுத்துச் சங்கிலியை ரெண்டு விரலால தூக்கிப் பாத்து, "நல்லா மின்னுதே செல்வி, எந்தக் கடைல எடுத்தே?"ன்னாங்க. பக்கத்துல இருந்தவங்க சிரிச்சாங்க. எனக்கு அப்பக்கூட ஒண்ணும் புரியல. பந்தியில உக்காந்தப்புறம் அவங்க மருமக மெதுவா போனை நீட்டினா. "அத்தை, இது நீங்களா? எனக்கு ஆபீஸ்ல ஒருத்தங்க அனுப்பினாங்க"ன்னா. மேல 'ஃபார்வர்டட்'னு இருந்துச்சு.

நான் உனக்கு ராத்திரி 11.42க்கு எழுதினது. அவருக்கு ரெண்டு மாசமா சம்பளம் வரல, பையன் பீஸுக்காக அத்தை போட்ட அஞ்சு பவுன் சங்கிலியை சொசைட்டில அடகு வச்சிருக்கேன், கழுத்துல கிடக்கிறது கவரிங். அத்தனையும் அப்படியே.

உன் போன்லருந்துதான் போயிருக்குன்னு எப்படித் தெரியும்னு கேப்ப. என் பேரை 'செல்வி ரூம் 12'ன்னு சேவ் பண்ணி வச்சிருக்கிறது உலகத்துலயே நீ ஒருத்திதான். நான் எழுதினது வெள்ளைக் கட்டத்துல இடது பக்கம் இருக்கு. என் போன்ல அது பச்சையா வலது பக்கம்ல இருக்கும்?

அதைவிட ஒண்ணு. அன்னைக்கு நீயும் எழுதினியே, உன் மாமியாரைப் பத்தி, நீ வாங்கின சீட்டுப் பணத்தைப் பத்தி. அந்தப் படத்துல அது எதுவுமே இல்ல. என்னோடது முடியற இடத்துல சரியா வெட்டியிருக்கு. கை பட்டுப் போயிடுச்சு, ஆள் மாறிப் போயிடுச்சுன்னு நீ சொன்னா நம்பணும்னுதான் ரெண்டு நாளா பாக்கறேன். ஆனா வெட்டறதுக்கு நேரம் எடுத்திருக்கேல்ல. உன்னை மறைக்கத் தெரிஞ்ச உனக்கு, என் பேரை மறைக்கத் தோணலையா?

எனக்கு நேர்ந்த அவமானத்தைக்கூட விடு. அத்தைக்கு விஷயம் போயிடுச்சு. "நான் போட்ட நகையை எங்கிட்டக்கூட சொல்லாம வச்சிட்டீங்களே"ன்னு அவர்கிட்ட ஒரே வரிதான் கேட்டாங்க. அவர் பதில் சொல்லல, ராத்திரி சாப்பிடவும் இல்ல. ஆணி அடிச்ச மாதிரி உக்காந்திருந்தார். சம்பளம் நின்னு போன அன்னைக்குக்கூட நான் அவரை அப்படிப் பாக்கல.

வாட்ஸப்ல நம்ம சாட்டுக்கு மேல ஒரு மஞ்சப் பெட்டி இருக்கும், இந்த சாட்டுக்கு வெளிய யாரும் படிக்க முடியாதுன்னு. இப்ப அதைப் படிச்சா சிரிப்பா வருது. ஸ்க்ரீன்ஷாட் எடுத்தா எனக்குத் தகவல்கூட வராதாம், பையன் சொன்னான்.

எனக்குத் தெரியவேண்டியது இதுதான். யாருக்கு அனுப்பினே? ஒருத்தருக்கா, குரூப்புக்கா? நான் இல்லாம நம்ம ஹாஸ்டல் பிள்ளைங்களுக்குன்னு வேற குரூப் இருக்கா? கூட என்ன எழுதி அனுப்பினே? பாவம்னு எழுதினியா, கேலியா எழுதினியா, அதை அப்படியே சொல்லு. எதுக்கு அனுப்பினேங்கிறதையும் சொல்லு. எனக்கு யார்கிட்டயாவது பணம் கேக்கறதுக்காகத்தான்னா அதையும் சொல்லு, கோவம் கொஞ்சம் குறையும். ஆனா என்னைக் கேட்டிருக்கணும்.

நீ அனுப்பினவங்ககிட்ட அழிக்கச் சொல்லு. உன் பக்கத்துல 'எல்லாருக்கும் டெலீட்' போட்டா மத்தவங்க ஃபார்வர்ட் பண்ணினது போகாது, அதனால வாய் திறந்து ஒவ்வொருத்தர்கிட்டயும் கேக்கணும். உன் கேலரிலயும் இருந்தா எடுத்துடு.

இனிமே நான் எழுதறது, பேசறது, போட்டோ, வாய்ஸ் மெசேஜ் எதையும் யாருக்கும் காட்டக் கூடாது. உன் வீட்டுக்காரருக்கும் சேத்துத்தான் சொல்றேன். நல்லதுக்குன்னு தோணினாலும் முதல்ல என்கிட்ட கேளு. இன்னொரு தடவை நடந்துச்சுன்னா நான் சண்டைக்கு வரமாட்டேன், உன்கிட்ட எதுவும் சொல்றதை நிறுத்திடுவேன்.

போன வருஷம் ஆஸ்பத்திரி வராந்தாலருந்து நீ எனக்கு அனுப்பின மெசேஜ் இன்னும் என்கிட்ட இருக்கு. பயப்படாத, மிரட்டறதுக்குச் சொல்லல. அதை இவர்கிட்டக்கூட நான் காட்டினதில்ல, அதுக்காகச் சொல்றேன்.

அழுகிற ஸ்டிக்கர் அனுப்பாத. வீட்டுக்கும் வந்துடாத, அத்தை இங்கதான் இருக்காங்க. நான் கேட்டதுக்கு எழுதி அனுப்பு. படிச்சுட்டு நானே கூப்பிடறேன்.

செல்வி