பம்ப் சோதனைப் பிரிவில் கோடைகாலப் பயிற்சி கேட்டு விண்ணப்பக் கடிதம்

கோயம்புத்தூர்
6 ஏப்ரல் 2026

அனுப்புநர்
ச. தேன்மொழி
இரண்டாம் ஆண்டு, மின் மற்றும் மின்னணுப் பொறியியல்
அரசு தொழில்நுட்பக் கல்லூரி, தடாகம் சாலை
கோயம்புத்தூர்

பெறுநர்
மேலாளர், தரச் சோதனைப் பிரிவு
நீர்மூழ்கி பம்ப் தொழிற்சாலை, கணபதி
கோயம்புத்தூர்

பொருள்: ஜூன் மாதம் பம்ப் சோதனைப் பிரிவில் நான்கு வாரப் பயிற்சி வேண்டி

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் தொழிற்சாலையில் கோடை விடுமுறையில் மாணவர்களுக்குப் பயிற்சி தருவதாக எங்கள் துறை அறிவிப்புப் பலகையில் பார்த்தேன். எந்தப் பிரிவு வேண்டும் என்று குறிப்பிடச் சொல்லியிருந்தீர்கள். எனக்குச் சோதனைப் பிரிவு வேண்டும். வேலை அனுபவம் எதுவும் இல்லை, இதுவே என் முதல் விண்ணப்பம். அதனால் இந்தப் பிரிவை ஏன் கேட்கிறேன் என்று கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன்.

பல்லடத்தை அடுத்த பொங்கலூர் பக்கம் எங்களுக்குத் தென்னையும் மக்காச்சோளமும் உள்ள சிறு தோட்டம் இருக்கிறது. போர்வெல்லில் ஓடுவது 5 எச்.பி. மூன்று பேஸ் நீர்மூழ்கி மோட்டார். ஒரு பேஸ் போனால் மோட்டார் எப்படி உறுமும், பிரிவென்டர் இல்லாத ஸ்டார்ட்டர் என்ன செய்யும் என்பதெல்லாம் பாடத்தில் வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும். ஒருமுறை எங்கள் மோட்டாரும் அப்படித்தான் காயில் போய், ரீவைண்டிங் கடைக்குப் போனது. அப்பாவுடன் நானும் போய் உட்கார்ந்து பார்த்தேன். சாதாரண மோட்டாரைப் போலக் காயிலைச் சுற்றி வைத்து உள்ளே இறக்குவதில்லை. தண்ணீருக்குள்ளேயே கிடக்கும் கம்பி என்பதால் மேலே தடித்த பிளாஸ்டிக் உறை இருக்கிறது. அதை மூடிய ஸ்லாட்டுக்குள் ஊசியில் நூல் கோப்பதுபோல ஒவ்வொரு சுற்றாக இழுத்து வாங்குகிறார்கள். உறையில் ஒரு சிறு கீறல் விழுந்தாலும் அத்தனையும் வீண். கட்டி முடித்ததும் கடைக்காரர் ஸ்டேட்டரைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, பிறகு மெக்கர் வைத்துப் பார்த்தார். காய்ந்த நிலையில் நல்ல அளவு காட்டும் காயில் நனைந்ததும் கைவிடலாம் என்று அவர் சொன்னதைக் கேட்டபோதுதான், சோதனை என்பது ஒரு வேலையின் கடைசிச் சடங்கு இல்லை என்று எனக்குப் பட்டது.

இந்தப் பருவத்தில் இண்டக்‌ஷன் மோட்டார் பாடம் நடக்கிறது. லேபில் லோடு டெஸ்ட் செய்து திறன் கணக்கிட்டபோது, வீட்டு பம்பின் திறன் என்னவாக இருக்கும் என்று பார்க்கத் தோன்றியது. பொங்கல் விடுமுறையில் பார்த்தேன். 200 லிட்டர் டிரம் நிரம்ப 70 விநாடி ஆனது, அதாவது விநாடிக்கு ஏறத்தாழ 2.86 லிட்டர். கயிற்றில் எடை கட்டி இறக்கியதில் நீர்மட்டம் சுமார் 70 மீட்டர். துறையின் அனுமதியோடு எடுத்துச் சென்ற கிளாம்ப் மீட்டரில் 400 வோல்ட், 8.5 ஆம்பியர்.

```
நீர்த்திறன் = 9.81 × 2.86 × 70 = 1964 W
உள்ளீடு = 1.732 × 400 × 8.5 × 0.8 = 4711 W
மொத்தத் திறன் = 1964 / 4711 = 0.417
```

ஏறத்தாழ 42 சதவீதம். ஆனால் இந்த எண்ணை நான் யாரிடமும் உறுதியாகச் சொல்ல மாட்டேன். பவர் ஃபேக்டர் 0.8 என்பது என் அனுமானம். நான் எடுத்துச் சென்ற கிளாம்ப் மீட்டரில் அதை அளக்க முடியாது. கயிறு காட்டியது மோட்டார் நின்றிருக்கும்போது உள்ள மட்டம். ஓடும்போது தண்ணீர் இன்னும் கீழே இறங்கும். குழாயில் உரசலால் போகும் அழுத்தத்தையும் சேர்க்கவில்லை. ஹெட் உண்மையில் இதைவிட அதிகம், எனவே திறனும் கொஞ்சம் கூடலாம். இம்பெல்லர் தேய்ந்து தண்ணீர் குறைந்ததா, அல்லது நீர்மட்டம் இறங்கியதால் பம்ப் அதன் டியூட்டி பாயிண்டை விட்டு விலகி ஓடுகிறதா என்பதை இந்த அளவுகளை வைத்துப் பிரித்துச் சொல்லவே முடியாது. வால்வைத் திருகித் திருகி, ஷட்-ஆஃப் முதல் முழுத் திறப்பு வரை ஒவ்வொரு புள்ளியிலும் டிஸ்சார்ஜ், அழுத்தம், வாட் மூன்றையும் ஒரே நேரத்தில் எடுத்தால்தான் அது தெரியும். அந்த வசதி உங்கள் டெஸ்ட் பெட்டில் இருக்கிறது. அதனால்தான் இந்தப் பிரிவைக் கேட்கிறேன்.

எங்கள் பக்கத்தில் தண்ணீர் குறைந்தால் பெரிய எச்.பி. மோட்டாரும் கூடுதல் ஸ்டேஜும் வாங்கி இறக்குவதுதான் வழக்கம். நேம் பிளேட்டில் எச்.பி.யைத் தவிர மற்ற எண்களை யாரும் படிப்பதில்லை. ஹெட் வரம்பும் டிஸ்சார்ஜும் அங்கேயே அச்சாகியிருக்கின்றன. அந்த எண்கள் எப்படி வருகின்றன என்பதை அருகிலிருந்து பார்த்தால், எங்கள் ஊரில் நாலு பேருக்காவது சரியான பம்பைத் தேர்ந்தெடுக்க என்னால் உதவ முடியும். இது எனக்கு முக்கியமான விஷயம்.

பயிற்சிக்கு முன்பே படிக்கலாம் என்று நீர்மூழ்கி பம்புக்கான IS 8034, அதன் மோட்டாருக்கான IS 9283 இரண்டையும் எடுத்து வைத்திருக்கிறேன். எல்லாம் புரிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. புரியாத இடங்களைத் தனி நோட்டில் குறித்து வருகிறேன்.

என்னால் முதல் வாரத்திலிருந்தே செய்யக்கூடியவை என்று பார்த்தால்: மீட்டர்களைப் பார்த்து அளவு எடுத்துப் பிழையில்லாமல் பதிவேட்டில் எழுதுவேன், எக்செல்லில் ஏற்றி ஹெட், டிஸ்சார்ஜ், திறன் வளைகோடுகளை வரைந்து தருவேன், பழைய பதிவேடுகள் தாளில் இருந்தால் அவற்றைத் தட்டச்சு செய்து தரவும் தயார். அறிக்கை தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத வரும். லேத், வெல்டிங் போன்றவை முதலாண்டு ஒர்க்‌ஷாப் அளவுக்கு மட்டுமே தெரியும், எனவே அவற்றில் உதவுவேன் என்று வாக்குத் தர மாட்டேன். மூன்று பேஸ் இணைப்பில் யாராவது கூட இல்லாமல் கை வைக்க மாட்டேன். பாதுகாப்புக் காலணி என்னிடம் இருக்கிறது.

தேர்வுகள் மே கடைசியில் முடிகின்றன. ஜூன் 8 திங்கள் முதல் ஜூலை 4 வரை, சனிக்கிழமைகள் உட்பட, முழுநேரமும் வர முடியும். கல்லூரி விடுதியில் தங்கி பேருந்தில் வந்துவிடுவேன். காலை 6 மணி ஷிப்டு என்றாலும் சிரமமில்லை. உதவித்தொகை கட்டாயமில்லை. முடிந்தால் ஒரு நாளாவது வைண்டிங் பிரிவையும் பார்க்க அனுமதி தர வேண்டுகிறேன், அப்புறம் பயிற்சி முடிவில் ஒரு சான்றிதழ். அவ்வளவுதான் கேட்கிறேன். சோதனைப் பிரிவில் இடமில்லை என்றால் அசெம்பிளி பிரிவிலும் மகிழ்ச்சியோடு சேர்ந்துகொள்வேன்.

தன்விவரம், மூன்றாம் பருவம் வரையிலான மதிப்பெண் பட்டியல், துறைத் தலைவரின் அனுமதிக் கடிதம், வீட்டு பம்பில் எடுத்த அளவுகளின் இரண்டு பக்கத் தாள் ஆகியவற்றை இணைத்துள்ளேன். நேரில் வரச் சொன்னால் எந்தச் சனிக்கிழமையும் வருவேன். தொலைபேசியில் பேச விரும்பினால், தன்விவரத்தில் உள்ள எண்ணில் மதியம் 12.30 முதல் 1.30 வரையும் மாலை 5 மணிக்கு மேலும் என்னைப் பிடிக்கலாம்.

நன்றி.

இப்படிக்கு
தங்கள் உண்மையுள்ள
ச. தேன்மொழி