2025 செப்டெம்பர் மாதக் கிரய அறிக்கை: வாடகை, மின்சாரம் உள்ளிட்ட மேந்தலைச் செலவுகளின் பிரிவுவாரிப் பகிர்வு

பெறுநர்: பணிப்பாளர் சபை
பிரதிகள்: பொது முகாமையாளர், பிரிவுத் தலைவர்கள்
அனுப்புநர்: கிரயக் கணக்காளர், கிராண்ட்பாஸ் அச்சகம், கொழும்பு 14
திகதி: 2025 ஒக்டோபர் 14

ஓகஸ்ட் மாதம் வரை எமது அச்சகத்தின் வாடகையும் மின்கட்டணமும் ஊழியர் எண்ணிக்கையின்படியே பிரிவுகளுக்குப் பகிரப்பட்டு வந்தன. கணக்கிடுவதற்கு அது இலகுவான முறை. ஆயினும், கையால் தைத்தும் ஒட்டியும் வேலை செய்யும் புத்தகம் கட்டும் பிரிவில் 24 பேரும், மின்சாரத்தின் பெரும்பகுதியை உறிஞ்சும் இயந்திரங்களுள்ள அச்சிடல் பிரிவில் 12 பேரும் இருக்கும் ஓர் இடத்தில், ஆட்களை எண்ணி மின்கட்டணத்தைப் பிரிப்பது எவ்வகையிலும் பொருந்தாது. ஆகவே செப்டெம்பர் மாதத்திலிருந்து ஒவ்வொரு செலவும் எதனால் உண்டாகிறதோ அதையே அதன் பகிர்வு அடிப்படையாகக் கொண்டு இவ்வறிக்கை தயாரிக்கப்பட்டுள்ளது.

பகிரப்படும் மொத்தத் தொகை ரூபா 2,132,000. இதில் வாடகை 1,200,000, மின்சாரம் 602,000, காவலும் துப்புரவும் 150,000, ஊழியர் சிற்றுண்டிச்சாலை 100,000, இயந்திரக் காப்புறுதி 80,000 ஆகும். கட்டட உரிமையாளரின் விலைப்பட்டியலில் உள்ள 18% பெறுமதி சேர் வரியை நாம் மீளப்பெறுவதால் அது கிரயத்தில் சேர்க்கப்படவில்லை. இலங்கை நிதி அறிக்கையிடல் நியமம் 16இன்படி வருடாந்த நிதிக்கூற்றுகளில் இந்த வாடகை, பயன்பாட்டு உரிமைச் சொத்தின் பெறுமானத்தேய்வாகவும் வட்டியாகவும் தோன்றும். உள்ளகப் பயன்பாட்டுக்கான இவ்வறிக்கையிலோ மாதந்தோறும் செலுத்தும் வாடகைத் தொகையே எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது. இரண்டையும் ஒப்பிடுபவர்கள் இவ்வேறுபாட்டை மனதிற்கொள்ள வேண்டும்.

வாடகை

வாடகைக்குரிய அடிப்படை ஒவ்வொரு பிரிவும் தனக்கென வைத்திருக்கும் தரைப்பரப்பாகும். ஓகஸ்ட் இறுதியில் பிரிவுத் தலைவர்களின் முன்னிலையில் இடங்கள் மீண்டும் அளக்கப்பட்டன. படிக்கட்டு, கழிவறைகள், சரக்கேற்றும் முகப்பு ஆகிய பொது இடங்கள் 600 சதுர அடி. அவற்றை நீக்கியபின் எஞ்சும் 10,000 சதுர அடியில் முன்அச்சுப் பிரிவு 800, அச்சிடல் 4,000, புத்தகம் கட்டுதல் 2,500, களஞ்சியம் 1,700, நிர்வாகமும் விற்பனையும் 1,000 எனப் பிரிந்துள்ளன. ஒரு சதுர அடிக்கான மாத வாடகை ரூபா 120 ஆகிறது. பொது இடங்களின் வாடகையும் இவ்வீதத்துக்குள்ளேயே அடங்கிவிடுவதால் அதற்கெனத் தனிப்பகிர்வு தேவைப்படவில்லை.

அளவையின்போது எழுந்த ஒரு சிக்கலைப் பதிவுசெய்வது அவசியம். புத்தகம் கட்டும் மண்டபத்தின் தென்மூலையில், தார்ப்பாயால் மூடப்பட்ட பழைய மடிப்பு இயந்திரம் ஒன்று 220 சதுர அடியை அடைத்துக்கொண்டிருக்கிறது. அது தமக்கு வேண்டாத ஒன்று எனக் கட்டும் பிரிவும், தமது பிரிவுக்கு உரியதல்ல என அச்சிடல் பிரிவும் கூறின. எவரும் பயன்படுத்தாத பொருளின் இடச்செலவை, அது தற்செயலாக எங்கு நிற்கிறதோ அந்தப் பிரிவின் மீது சுமத்துவது முறையல்ல. அதனை விற்பதா வைத்திருப்பதா என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் நிர்வாகத்திடமே இருப்பதால், அந்த 220 சதுர அடியும் நிர்வாகப் பிரிவின் 1,000 சதுர அடிக்குள் சேர்க்கப்பட்டுள்ளது. மாதமொன்றுக்கு அதன் வாடகை மட்டும் ரூபா 26,400.

கீழ்த்தளத்துக்குக் கூடிய வீதமும் மேல்தளத்துக்குக் குறைந்த வீதமும் விதிக்க வேண்டுமென முன்அச்சுப் பிரிவு கேட்டிருந்தது. குத்தகை உடன்படிக்கையில் இரு தளங்களுக்கும் ஒரே வீதமே உள்ளதாலும், நாமாகத் தீர்மானிக்கும் எந்த எடையும் அடுத்த மாதமே விவாதத்துக்கு உள்ளாகும் என்பதாலும், அக்கோரிக்கை ஏற்கப்படவில்லை.

மின்சாரம்

இலங்கை மின்சார சபையின் பட்டியலில் ஒரே தொகையாகச் செலுத்தப்படுவது உண்மையில் வெவ்வேறு காரணங்களால் எழும் கட்டணங்களின் கூட்டாகும். நாம் கைத்தொழில் வகையில், நேரத்துக்கேற்ற கட்டண முறையில் மின்சாரம் பெறுவதால், மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான உச்ச நேர அலகுகளுக்குக் கூடிய விலை விதிக்கப்படுகிறது. இதைத் தவிர, மாதத்தில் நாம் எட்டிய அதிகூடிய கேள்விக்கு கிலோவோல்ற் அம்பியர் அளவில் தனிக்கட்டணமும் நிலையான கட்டணமும் உண்டு. இவை யாவற்றையும் ஒரே விகிதத்தில் பகிர்ந்தால், பகல் வெளிச்சத்தில் வேலை முடித்து 5 மணிக்கு வீடு செல்லும் கட்டும் பிரிவு, இரவு முறையில் ஓடும் அச்சு இயந்திரங்களின் உச்ச நேரக் கட்டணத்திலும் பங்கெடுக்க நேரிடும்.

அச்சிடல் பிரிவுக்கு யூலையில் பொருத்தப்பட்ட உபமானி செப்டெம்பரில் 14,400 அலகுகளைக் காட்டியது. ஒவ்வொரு நாளும் 6.30க்கும் 10.30க்கும் காவலர் அம்மானியின் வாசிப்பைக் குறிப்பேட்டில் எழுதிவைப்பதால், அதில் 3,200 அலகுகள் உச்ச நேரத்துக்குரியவை எனத் தெரிகிறது. பிரதான மானியின் 24,000 அலகுகளில் எஞ்சிய 9,600 அலகுகளை மற்ற நான்கு பிரிவுகளுக்கும் மதிப்பீட்டின் மூலமே பிரிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு சாதனத்தின் வாற்று அளவும் அது இயங்கிய மணித்தியாலங்களும் பெருக்கப்பட்டு, கிடைத்த கூட்டுத்தொகை 9,600க்குச் சரிசெய்யப்பட்டது. குளிரூட்டியின் அமுக்கி இடையிடையே நின்று இயங்குவதால் அதன் முழு வாற்று அளவு எடுக்கப்படவில்லை. 6 பேர் மட்டுமே உள்ள முன்அச்சுப் பிரிவு 4,080 அலகுகளைப் பயன்படுத்துவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். தகடு தயாரிக்கும் இயந்திரம் வைக்கப்பட்டுள்ள அறையின் குளிரூட்டி, ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

உச்ச நேரத்தின் 4,000 அலகுகளுக்கான ரூபா 120,000, ஏனைய 20,000 அலகுகளுக்கான ரூபா 312,000 ஆகியவை அந்தந்த நேர அலகுகளின்படி பகிரப்பட்டன. கேள்விக் கட்டணமும் நிலையான கட்டணமுமான ரூபா 170,000, இணைக்கப்பட்ட சுமையின்படி அச்சிடலுக்கு 70%, முன்அச்சுக்கு 14%, நிர்வாகத்துக்கு 7%, கட்டுதலுக்கு 6%, களஞ்சியத்துக்கு 3% எனப் பகிரப்பட்டது.

காவலும் துப்புரவும் தரைப்பரப்பின்படியும், காப்புறுதி இயந்திரங்களின் ஏட்டுப் பெறுமதியின்படியும் பகிரப்பட்டன. சிற்றுண்டிச்சாலைச் செலவுக்கு மட்டும் ஊழியர் எண்ணிக்கையே தொடர்கிறது. தேநீர் குடிப்பவர்கள் ஆட்களேயாதலால் அங்கு அது முற்றிலும் பொருத்தமான அடிப்படை.

மேந்தலைப் பகுப்பாய்வுக் கூற்று (ரூபா)

| செலவு | முன்அச்சு | அச்சிடல் | கட்டுதல் | களஞ்சியம் | நிர்வாகம் | மொத்தம் |
|---|---|---|---|---|---|---|
| வாடகை | 96,000 | 480,000 | 300,000 | 204,000 | 120,000 | 1,200,000 |
| மின்சாரம் | 94,360 | 389,720 | 46,080 | 22,500 | 49,340 | 602,000 |
| காவல், துப்புரவு | 12,000 | 60,000 | 37,500 | 25,500 | 15,000 | 150,000 |
| சிற்றுண்டிச்சாலை | 12,000 | 24,000 | 48,000 | 6,000 | 10,000 | 100,000 |
| காப்புறுதி | 12,000 | 60,000 | 8,000 | – | – | 80,000 |
| முதற்பகிர்வு | 226,360 | 1,013,720 | 439,580 | 258,000 | 194,340 | 2,132,000 |
| களஞ்சிய மீள்பகிர்வு | 25,800 | 180,600 | 51,600 | (258,000) | – | – |
| இறுதித் தொகை | 252,160 | 1,194,320 | 491,180 | – | 194,340 | 2,132,000 |

களஞ்சியம் சேவைப் பிரிவாகையால் அதன் செலவு, மாதத்தில் வழங்கப்பட்ட 300 பொருள் கோரல் படிவங்களின் அடிப்படையில் மீள்பகிரப்பட்டது (முன்அச்சு 30, அச்சிடல் 210, கட்டுதல் 60). ஒரு தாள் ரீம் கோருவதும் ஒரு லொறி நிறையத் தாள் கோருவதும் ஒரே படிவமாகக் கணக்கிடப்படுவது இம்முறையின் குறையே. எனினும் நிறையைப் பதியும் வழக்கம் எமது களஞ்சியத்தில் இன்னும் இல்லை. நிர்வாகமும் விற்பனையும் சார்ந்த ரூபா 194,340 உற்பத்திக் கிரயத்தில் சேர்க்கப்படவில்லை. உற்பத்திக்குத் தொடர்பற்ற நிர்வாகச் செலவும் விற்பனைச் செலவும் கையிருப்புகளின் கிரயத்தில் அடங்கா என்பது இலங்கைக் கணக்கீட்டு நியமம் 2இன் தெளிவான நிலைப்பாடு.

மாற்றத்தின் விளைவு

வாடகை, மின்சாரம் ஆகிய இரண்டை மட்டும் எடுத்தால், பழைய முறையில் கட்டும் பிரிவு ரூபா 864,960 சுமந்திருக்கும். புதிய முறையில் அது 346,080. அச்சிடல் பிரிவின் தொகை 432,480இலிருந்து 869,720 ஆகவும், களஞ்சியத்தினது 108,120இலிருந்து 226,500 ஆகவும் உயர்கின்றன. களஞ்சியப் பொறுப்பாளரைக் குறைகூற இதில் இடமில்லை. தாள் உருளைகளை மொத்தமாக வாங்கிவைக்கும் தீர்மானம் அவருடையதல்ல.

இம்மாற்றம் விலைமதிப்பீடுகளில் என்ன செய்கிறது என்பதே சபையின் கவனத்துக்குரியது. 5 இயந்திர மணித்தியாலமும் 120 கட்டுதல் மணித்தியாலமும் தேவைப்படும் கைக்கட்டுப் பதிவேட்டு வேலைக்கு, வாடகையும் மின்சாரமும் என்ற வகையில் நாம் இதுவரை ரூபா 29,328 சேர்த்து வந்தோம். களஞ்சிய மீள்பகிர்வுக்கு முன்னர் உண்மையில் சேர வேண்டியது 17,177. மாறாக 30 இயந்திர மணித்தியாலமும் 4 கட்டுதல் மணித்தியாலமும் தேவைப்படும் துண்டுப்பிரசுர வேலைக்கு 21,137 சேர்த்தோம், சேர வேண்டியதோ 41,114. பதிவேட்டு வேலைகளை அடுத்தடுத்துப் போட்டி அச்சகங்களிடம் இழந்ததற்கும், துண்டுப்பிரசுரக் கட்டளைகள் குவிந்தும் இலாபம் கூடாததற்கும் இதுவே காரணங்களில் ஒன்று என்பது எனது கருத்து. விற்பனைப் பிரிவு இதனை விலைக்குறைப்பு அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தாள், மை, கூலி ஆகியவற்றின் கிரயம் எதுவும் மாறவில்லை.

உறிஞ்சல் வீதங்கள்

வீதங்கள் மாதத்தின் சாதாரண கொள்ளளவின்மீது கணிக்கப்பட்டன. அச்சிடல் 640 இயந்திர மணித்தியாலத்துக்கு, மணித்தியாலமொன்றுக்கு ரூபா 1,866.13. கட்டுதல் 4,000 கூலி மணித்தியாலத்துக்கு ரூபா 122.80. முன்அச்சு 960 கூலி மணித்தியாலத்துக்கு ரூபா 262.67. அச்சிடல் பிரிவு செப்டெம்பரில் 590 மணித்தியாலம் மட்டுமே இயங்கியதால் ரூபா 93,306 குறை உறிஞ்சலாக எஞ்சுகிறது. ஓடாத 50 மணித்தியாலங்களின் செலவை ஓடிய வேலைகள்மீது ஏற்றினால் அவற்றின் கிரயம் செயற்கையாக உயரும். ஆகையால் மேற்படி நியமத்தின்படி அத்தொகை அம்மாதச் செலவாகவே காட்டப்பட்டுள்ளது.

சபையின் தீர்மானத்துக்காக இரண்டு விடயங்கள் முன்வைக்கப்படுகின்றன. முன்அச்சுப் பிரிவின் மின்பாவனை இன்னமும் மதிப்பீடாகவே இருப்பதால், நவம்பருக்கு முன்னர் அங்கும் ஓர் உபமானி பொருத்த அனுமதி வேண்டும். பழைய மடிப்பு இயந்திரத்தை விற்பதற்கான முடிவு டிசெம்பர்க் கூட்டத்துக்கு முன் எட்டப்பட்டால், 2026 சனவரியிலிருந்து அந்த 220 சதுர அடியைக் கட்டும் பிரிவுக்கோ களஞ்சியத்துக்கோ உரிய முறையில் பதிய இயலும்.

கிரயக் கணக்காளர்